வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றினால் செலவு எத்தனை மாதத்தில் திரும்பும்? கணக்கிடும் முறை, படிப்படியாக

குறைந்த வட்டிக்குக் கடனை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு வகுத்தலோடு முடிவெடுக்கிறார்கள். பிராசஸிங் கட்டணத்தை ஈஎம்ஐ குறையும் தொகையால் வகுக்கிறார்கள், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று விடை வருகிறது, கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கீழே எடுத்துக்கொண்டிருக்கும் மாதிரிக் கடனிலும் அந்த வகுத்தல் இரண்டு மாதம் என்றுதான் சொல்லும். முறையாகக் கணக்குப் போட்டால் 27 மாதம் வரும். பழைய வங்கியே வட்டியைக் குறைக்க முன்வந்தால் அது 110 மாதத்தையும் தொட்டுவிடும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் படிகளின் வரிசையிலேயே பார்க்கலாம்.

மாதிரிக் கடன் இது: நிலுவை அசல் 35 லட்சம் ரூபாய், மீதித் தவணை 180 மாதம், இப்போதைய வட்டி 9 சதவீதம், புதிய வங்கி சொல்லும் வட்டி 8.25 சதவீதம். இரண்டும் மாறும் வட்டிக் கடன்கள்.

## 1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

பழைய வங்கியிடமிருந்து கடன் கணக்கு அறிக்கையை வாங்குங்கள். அதில் இன்றைய நிலுவை அசல், நடப்பு வட்டி, மீதியுள்ள தவணைகளின் எண்ணிக்கை மூன்றும் இருக்க வேண்டும். கடன் வாங்கியபோது எழுதிய 20 ஆண்டு, 25 ஆண்டு என்ற காலத்தை நினைவிலிருந்து எடுத்துக் கழிக்காதீர்கள். இடையில் வட்டி ஏறியபோது ஈஎம்ஐயை அப்படியே விட்டுத் தவணைகளை வங்கி நீட்டியிருக்கலாம். அது தெரியாமல் போட்டால் முழுக் கணக்கும் தவறாகிவிடும்.

உங்கள் வட்டி எதோடு இணைக்கப்பட்டிருக்கிறது, அடுத்து எந்தத் தேதியில் மாறும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும். அதற்கு முந்தைய கடன்களில் பல, வங்கி தன் நிதிச் செலவை வைத்துக் கணக்கிடும் எம்சிஎல்ஆர் அடிப்படையில் ஓடுகின்றன. வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் தங்கள் சொந்த அளவுகோலை வைத்திருக்கின்றன. இந்த விவரம் 7-ஆம் படியில் தேவைப்படும்.

புதிய வங்கியிடம் கேட்க வேண்டியது கேஎஃப்எஸ் எனப்படும் முக்கிய விவரக் குறிப்பு. 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும் இதைக் கொடுப்பது கட்டாயம். வாய்மொழியில் விட்டுப்போகும் கட்டணங்கள் அதில் வரிசையாக இருக்கும்.

## 2. பழைய வங்கியிடம் வட்டிக் குறைப்புக் கேளுங்கள்

புதிய வங்கிக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பழைய வாடிக்கையாளரின் வட்டி உயரத்திலேயே நிற்க, அதே வங்கி புதியவர்களுக்குக் குறைவாகக் கொடுப்பது வழக்கம். எழுத்துமூலம் கேட்டால், ஒரு சிறு மாற்றுக் கட்டணத்துக்கு உங்கள் வட்டியையும் பல வங்கிகள் குறைக்கின்றன.

பதில் வர சில நாட்கள் ஆகும் என்பதால் இப்போதே கேட்டுவைப்பது நல்லது. அந்தப் பதில்தான் கணக்கின் உண்மையான எதிர்த் தரப்பு. நீங்கள் 9 சதவீதத்தையும் 8.25 சதவீதத்தையும் ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பழைய வங்கி 8.5 தரத் தயாராக இருந்தால் ஒப்பீடு 8.5-க்கும் 8.25-க்கும் இடையே நடக்க வேண்டும்.

## 3. செலவுகள் அனைத்தையும் ஒரே தொகையாக்குங்கள்

மாதிரிக் கடனுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். உங்கள் எண்களை இவற்றுக்குப் பதிலாக எழுதிக்கொள்ளலாம்.

- பிராசஸிங் கட்டணம் 0.25 சதவீதம், அதாவது 8,750 ரூபாய்; அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,575. மொத்தம் 10,325.
- சட்டக் கருத்து, சொத்து மதிப்பீடு: 6,500.
- வீட்டுப் பத்திரங்களை அடமானமாக ஒப்படைத்ததாகப் புதிய வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் எம்ஓடி பத்திரத்தின் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம்: 23,500.
- பழைய அடமானத்தை ரத்து செய்யும் ரசீதுப் பத்திரம்: 2,500.
- ஆவண எழுத்தர், நகல்கள், பிற சில்லறைச் செலவு: 2,500.
- இரண்டு வங்கிக்கும் சேர்த்து வட்டி ஓடும் 8 நாட்கள்: 6,328.

கூட்டினால் 51,653 ரூபாய். இதில் பிராசஸிங் கட்டணம் ஐந்தில் ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். ‘பிராசஸிங் கட்டணம் முழுத் தள்ளுபடி’ என்ற விளம்பரத்தை நம்பிப் போனாலும் 41,328 ரூபாய் செலவு மிச்சம் இருக்கிறது.

பெரிய தொகை எம்ஓடி பத்திரத்தில் இருக்கிறது. இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கடன் தொகையில் 0.5 சதவீதம் தீர்வை 17,500 ரூபாயும் பதிவுக் கட்டணம் 6,000 ரூபாயும் என்று இங்கே வைத்திருக்கிறேன். உங்கள் மாநிலத்தின் விகிதத்தையும் உச்சவரம்பையும் பதிவுத் துறையின் கட்டணப் பட்டியலில் பார்த்துப் போடுங்கள். பழைய வங்கிக்கு இதே தீர்வையைக் கட்டியிருக்கிறோமே என்று வாதாடிப் பயனில்லை. அடமானம் பெறுபவர் மாறும்போது பத்திரமும் புதிதாகிறது.

கடைசி வரியைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. புதிய வங்கி காசோலை எடுத்த நாளிலேயே அங்கே வட்டி தொடங்கிவிடும். அது பழைய கணக்கில் வரவாகும் வரை அங்கும் வட்டி ஓடும். 35 லட்சத்துக்கு 8.25 சதவீதம் என்றால் ஒரு நாள் வட்டி 791 ரூபாய். எட்டு நாள் இழுத்தால் பிராசஸிங் கட்டணத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

முன்கூட்டியே முடிக்கும் கட்டணம் இந்தப் பட்டியலில் இல்லை. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு அதை வாங்கக் கூடாது என்று 2012-லேயே வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் கடன் நிலையான வட்டியில் இருந்தால், அல்லது முதல் சில ஆண்டுகள் நிலையாக இருந்து பிறகு மாறும் வகையாக இருந்து அந்த நிலையான காலம் இன்னும் முடியவில்லை என்றால், ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே கட்டணம் இருக்கலாம்.

கடனோடு சேர்த்து ஒரு காப்பீட்டுப் பாலிசியைப் புதிய வங்கி நீட்டினால், அதன் பிரீமியத்தையும் இந்தப் பட்டியலில் எழுதுங்கள். பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே சேர்த்துவிடுவதால் கையிலிருந்து பணம் போனதாகத் தோன்றாது. 15 ஆண்டு வட்டி மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

## 4. மீதித் தவணையை மாற்றாமல் ஈஎம்ஐ பாருங்கள்

புதிய வங்கி அனுப்பும் ஒப்பீட்டுத் தாளில் ஈஎம்ஐ 35,499-லிருந்து 29,822-ஆகக் குறைவதாக இருக்கும். மாதம் 5,677 ரூபாய் மிச்சம். 10,325 ரூபாய் பிராசஸிங் கட்டணத்தை இதால் வகுத்தால் இரண்டே மாதம். தொடக்கத்தில் சொன்ன விடை இங்கிருந்துதான் வருகிறது.

அந்தத் தாளில் தவணை எண்ணிக்கையைத் தேடிப் பாருங்கள். 240 என்று இருக்கும். உங்களுக்கு மீதி இருந்தது 180. ஈஎம்ஐ குறைந்ததில் பெரும்பகுதி காலத்தை நீட்டியதால் வந்தது; வட்டி குறைந்ததால் வந்தது சிறுபகுதி. 240 மாதம் கட்டினால் மொத்தம் சுமார் 71.57 லட்சம் போகும். பழைய 9 சதவீதக் கடனிலேயே 180 மாதம் இருந்திருந்தால் 63.9 லட்சம்தான். குறைந்த வட்டிக்குப் போய் ஏழரை லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டும் நிலை இது.

அதனால் இரண்டு பக்கமும் 180 மாதம் வைத்தே கணக்கிட வேண்டும். எக்செல் போன்ற எந்த விரிதாளிலும் இதைப் போடலாம்:

```
=PMT(9%/12,180,-3500000)
=PMT(8.25%/12,180,-3500000)
```

முதல் விடை 35,499. இரண்டாவது 33,955. உண்மையான ஈஎம்ஐ வேறுபாடு 1,544 ரூபாய்தான். முழுச் செலவான 51,653-ஐ இதால் வகுத்தால் 34 மாதம் வருகிறது.

இந்த 34-உம் சரியான விடை இல்லை. முதல் மாத வட்டியைத் தனியாகப் பாருங்கள்: பழைய கடனில் 26,250 ரூபாய், புதியதில் 24,063. வட்டியில் மிச்சமாவது 2,187 ரூபாய். ஈஎம்ஐயில் தெரிவது 1,544 மட்டும். மீதி 643 ரூபாய் அசலில் கூடுதலாகக் கழிந்திருக்கிறது. அதுவும் உங்கள் லாபம்தான். ஈஎம்ஐ வேறுபாட்டை மட்டும் வைத்து வகுப்பவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.

## 5. இரண்டு நிலுவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விடுங்கள்

குழப்பம் இல்லாத வழி இது. இரண்டு கடனுக்கும் ஒரே ஈஎம்ஐ கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இப்போது கட்டும் 35,499 ரூபாயே இருக்கட்டும். மாதாமாதம் கையிலிருந்து போகும் பணம் சமமாகிவிடுவதால், வேறுபாடு முழுவதும் நிலுவையில் வந்து நிற்கும். புதிய கடனைத் தொடங்கும்போது மட்டும் 35 லட்சத்தோடு 51,653 ரூபாய் செலவைச் சேர்த்துவிடுங்கள். எந்த மாதத்தில் புதிய நிலுவை பழையதைவிடக் கீழே இறங்குகிறதோ, அதுதான் செலவு திரும்பும் மாதம்.

‘செலவைக் கையிலிருந்துதானே கட்டுகிறேன், கடனில் ஏன் சேர்க்க வேண்டும்?’ என்று கேட்பார்கள். அந்த 51,653 ரூபாயைப் பழைய கடனில் முன்கூட்டிக் கட்டியிருந்தால் அதற்கும் வட்டி மிச்சமாகியிருக்கும். அந்த வாய்ப்பை விட்டுத்தான் கட்டணம் கட்டுகிறீர்கள். கடனில் சேர்த்துப் பார்த்தால் அந்த இழப்பும் கணக்குக்குள் வந்துவிடுகிறது.

```
B2: 3500000
C2: 3551653
B3: =B2*(1+9%/12)-35499
C3: =C2*(1+8.25%/12)-35499
D3: =B3-C3
```

மூன்றாம் வரியைக் கீழே 180 மாதத்துக்கு இழுத்துவிடுங்கள். இரண்டாம் வரி தொடக்கம், மூன்றாம் வரி முதல் மாதம் என்பதால், வரி எண்ணிலிருந்து இரண்டைக் கழித்தால் மாதம் கிடைக்கும். இதை மறந்து இரண்டு மாதம் தள்ளிச் சொல்பவர்கள் உண்டு.

டி நெடுவரிசையில் 12-ஆம் மாதம் சுமார் 29,200 ரூபாய் பற்றாக்குறை தெரியும். 24-ஆம் மாதம் அது 5,800-ஆகவும் 26-ஆம் மாதம் 1,800-ஆகவும் சுருங்கும். 27-ஆம் மாதம் 200 ரூபாய் அளவுக்கு மறுபக்கம் திரும்பும். மாதிரிக் கடனின் விடை 27 மாதம்.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவையுங்கள். 60-ஆம் மாதம் லாபம் சுமார் 70,000. ஈஎம்ஐயைக் குறைக்காமல் கட்டினால் புதிய கடன் 170 மாதத்தில் முடிந்துவிடும். பத்துத் தவணை மிச்சம்.

## 6. பழைய வங்கியின் பதிலை வைத்து மறுபடி ஓட்டுங்கள்

5,000 ரூபாய் மாற்றுக் கட்டணமும் ஜிஎஸ்டி 900-உம் கட்டினால் 8.5 சதவீதம் தருவதாகப் பழைய வங்கி பதில் எழுதியிருக்கிறது என்று கொள்வோம். பி2-இல் 3505900 என்றும், பி3-இல் 9%-க்குப் பதிலாக 8.5% என்றும் மாற்றி மறுபடி இழுங்கள்.

இப்போது புதிய நிலுவை கீழே இறங்குவது 110 மாதம் அளவில்தான். ஒன்பது ஆண்டைத் தாண்டிவிடுகிறது.

வட்டி வேறுபாடு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தபோது மாதம் ஏன் நான்கு மடங்கானது? கால் சதவீத வேறுபாட்டுக்கு 35 லட்சத்தில் முதல் மாதம் மிச்சமாவது 729 ரூபாய். கூடுதல் செலவான 45,753 ரூபாய்க்கு 8.25 சதவீதத்தில் மாத வட்டி 314 ரூபாய். மிச்சத்தில் பாதியளவை அதுவே தின்றுவிடுகிறது. மீதியுள்ள 415 ரூபாயை வைத்து 45,753-ஐ மீட்க வேண்டும். அசல் குறையக் குறைய வட்டி மிச்சமும் குறைந்துகொண்டே போகும். வேறுபாடு சிறியதாக இருக்கும்போது வெறும் வகுத்தலை நம்பக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். 45,753-ஐ 729-ஆல் வகுத்தவருக்கு 63 மாதம் என்று தெரியும். நான்கு ஆண்டு பிழை.

இந்த நிலையில் என் தீர்ப்பு தெளிவானது: பழைய வங்கியிலேயே இருங்கள். பழைய வங்கி மறுத்தாலோ அரைகுறையாகக் குறைத்தாலோ மட்டும் அடுத்த படிக்குப் போகலாம்.

## 7. வட்டி வேறுபாடு நிலைக்குமா?

27 மாதம் என்ற விடைக்குள் ஓர் ஊகம் இருக்கிறது: 0.75 சதவீத இடைவெளி 27 மாதமும் அப்படியே இருக்கும் என்பது. இரண்டு கடனும் ரெப்போவோடு இணைந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஊகம் பெரிய அளவில் தவறாகாது.

பழைய கடன் எம்சிஎல்ஆர் வகையாகவும் ரெப்போ சமீபத்தில் குறைந்ததாகவும் இருந்தால் கதை வேறு. உங்கள் வட்டி மாறும் தேதி ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறைதான் வரும் என்பதால், குறைப்பு இன்னும் உங்களை எட்டாமல் இருக்கலாம். இன்று தெரியும் இடைவெளியின் ஒரு பகுதி தானாகவே மறையப்போகிறது. 9 சதவீதம் விரைவில் 8.75 ஆகிவிடும் என்றால், அதை வைத்து ஓட்டும்போது செலவு திரும்புவது 44 மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. முதல் படியில் குறித்துவைத்த தேதி இதற்காகத்தான்.

புதிய வங்கியின் பக்கமும் பாருங்கள். 8.25 என்பது எந்த அளவுகோலுடன் எத்தனை சதவீதம் கூட்டி வந்தது என்று கேஎஃப்எஸ்-இல் இருக்கும். முதல் ஆண்டுக்கு மட்டும் சலுகை வட்டி என்றால், சி3-இல் 12 மாதத்துக்கு ஒரு விகிதமும் அதற்குப் பின் வரும் வரிகளில் இன்னொரு விகிதமும் வையுங்கள்.

## 8. கடனை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள்?

இந்தக் கேள்விக்கு உங்களால் மட்டுமே பதில் சொல்ல முடியும். இரண்டு ஆண்டில் வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால் 27 மாதக் கணக்கு நட்டத்தில் முடியும்.

மொத்தமாக ஒரு தொகை கட்டப்போகிறவர்கள் அதையும் விரிதாளில் சேர்க்க வேண்டும். 12-ஆம் மாதம் 10 லட்சம் கட்டுவதாக இருந்தால், அந்த வரியில் பி, சி இரண்டு நெடுவரிசையிலும் 1000000 கழியுங்கள். மாதிரிக் கடனில் விடை 27-லிருந்து 36 ஆகிறது. அசல் சிறுத்துவிட்டால் வட்டி வேறுபாடு வேலை செய்ய இடம் இல்லை. கட்டிய கட்டணம் மட்டும் அப்படியே நிற்கிறது. கடைசி நான்கைந்து ஆண்டில் இருக்கும் கடன்களை மாற்றுவது பெரும்பாலும் பலன் தராததும் இதனால்தான்.

ஓய்வுக்கால ஊதியத்திலோ நிலம் விற்றோ கடனை முடிக்கப்போகிறவர்கள், அது நடக்கக்கூடிய மாதத்தை முன்தள்ளியே போட்டுப் பாருங்கள்.

## 9. மாற்றுவது என்று முடிவானால் தேதியைப் பாருங்கள்

பழைய வங்கி தரும் கடன் முடிப்புக் கடிதத்தில் எந்தத் தேதி வரை எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்தத் தேதிக்குள் காசோலை போய்ச் சேராவிட்டால் தொகை மாறும். பழைய கணக்கில் சில ஆயிரம் நிலுவை நின்று, கணக்கு மூடப்படாமல் இருக்கும். காசோலை எடுக்கப்பட்ட அன்றே நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று புதிய வங்கியிடம் கேளுங்கள். 3-ஆம் படியில் எட்டு நாளுக்கு எழுதிய வட்டியை இரண்டு மூன்று நாளாகச் சுருக்க முடிவது இந்த இடத்தில்தான்.

காசோலை கொடுத்த மாதத்தில் பழைய ஈஎம்ஐ வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுவதையும் கவனியுங்கள். பணம் திரும்ப வரும். ஆனால் வாரக்கணக்கில் ஆகலாம்.

கடன் முழுவதும் கட்டி முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. கணக்கு முடிந்த தேதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரசீதுப் பத்திரம் பதிவான பிறகு வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து, பழைய வங்கியின் அடமானம் ரத்தாகியிருப்பதும் புதிய எம்ஓடி ஏறியிருப்பதும் இரண்டுமே அதில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.